புள்ளி எங்கே விழுகிறது: முதன்முறை முன்மொழிவு எழுதும் சிறு கம்பனிக்கு

கொழும்பில் அரசாங்க ஆலோசனை வேலை ஒன்றுக்கு முதன்முறையாக முன்மொழிவு எழுத உட்காரும் சிறு கம்பனி, அநேகமாக விலையிலிருந்தே தொடங்குகிறது. "பெரிய ஆட்களோடு எங்களால் மல்லுக்கட்ட ஏலாது, விலையைக் குறைத்தால்தான் கிடைக்கும்." வெள்ளவத்தையில் காலி வீதிக் கட்டடமொன்றின் மேல்மாடியில் நாலைந்து பேரை வைத்துக் கள ஆய்வு நடத்துபவரும் இதைத்தான் சொல்கிறார், கொட்டாஞ்சேனையில் பயிற்சி நெறிகள் நடத்துபவரும் இதைத்தான் சொல்கிறார். சாமான் வழங்கும் கேள்விப்பத்திரங்களில் பழகிய கணக்கு அது. அங்கே நிபந்தனைகளை நிறைவேற்றிய விலைமனுக்களுள் ஆகக் குறைந்தது வெல்லும். ஆனால் ஆர்.எஃப்.பி. என்று எல்லோரும் அழைக்கும் முன்மொழிவுக் கோரிக்கையில் அந்தக் கணக்கு பெரும்பாலும் பிழைத்துப்போகும். எங்கே பிழைக்கிறது என்பதை எண்களை வைத்தே காட்டலாம்.

முதலில் விதிகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆலோசகர்களைத் தெரிவுசெய்வதற்கென்று இலங்கையில் 2007இல் தனி வழிகாட்டி வந்தது. 2015இல் 19ஆவது திருத்தத்தின் மூலம் தேசிய பெறுகை ஆணைக்குழு அமைந்தது. 20ஆவது திருத்தம் அதை இல்லாமல் செய்தது. 2022இல் 21ஆவது திருத்தம் மீளக் கொண்டுவந்தது. புதிய பெறுகை வழிகாட்டல்கள் 2025 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. உலக வங்கியோ ஆசிய அபிவிருத்தி வங்கியோ பணம் கொடுக்கும் திட்டமென்றால் அந்தந்த வங்கியின் விதிகள் வரும். எந்த விதி என்பதை ஆவணமே சொல்லும். பெயர்களும் படிவங்களும் மாறினாலும் புள்ளியிடும் முறையின் எலும்புக்கூடு ஒன்றுதான்.

அந்த ஆவணத்தில் வேலை விவரணத்தைப் படிக்க முன்னரே தரவுத் தாளைப் படிக்க வேண்டும். பொதுவான அறிவுறுத்தல்கள் எல்லா ஆவணங்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இந்த வேலைக்கென்று நிரப்பப்பட்ட எண்கள் இருப்பது தரவுத் தாளில்தான். தெரிவு முறை எது, தொழினுட்பப் புள்ளிகள் எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளன, குறைந்தபட்சப் புள்ளி எத்தனை, தரத்துக்கும் விலைக்கும் நிறை எவ்வளவு என்ற நான்கும் அங்கே இருக்கும்.

தெரிவு முறை மாறினால் ஆட்டமே மாறிவிடும். ஆகக் குறைந்த செலவு முறையில் தொழினுட்பப் புள்ளி ஒரு வாசல் மட்டுமே. குறைந்தபட்சம் 75 என்றால், 76 எடுத்தவரும் 95 எடுத்தவரும் வாசலைத் தாண்டியவர்கள். அதற்குப் பிறகு விலை மட்டுமே பேசும். அப்படியான கோரிக்கைக்கு விலை கூடிய நிபுணரைச் சேர்ப்பது வீண் செலவு. நிலையான வரவு செலவு முறையில் இது தலைகீழ். தொகையை அவர்களே சொல்லிவிடுவார்கள். அதைத் தாண்டினால் நிராகரிப்பு, தாண்டாதவர்களுள் தொழினுட்பப் புள்ளி கூடியவருக்கு வேலை. அங்கே விலையைக் குறைப்பதால் ஒரு புள்ளியும் கிடைக்காது, சொன்ன தொகையை முழுவதும் நல்ல ஆட்களில் போட்டுவிடுவதே புத்தி. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதும், அதிகம் பயன்படுவதும், தரத்தையும் விலையையும் சேர்த்துப் பார்க்கும் முறை. கியூ.சி.பி.எஸ். என்று ஆவணங்களில் வருவது அதுதான். இனி வருவதெல்லாம் அதைப் பற்றியது.

விலையும் தரமும் எந்த நிறையில் கலக்க வேண்டும் என்பதில் உலகம் ஒத்துப்போனதில்லை. அமெரிக்காவில் 1972இன் புரூக்ஸ் சட்டம் கூட்டாட்சி அரசின் கட்டடக்கலை, பொறியியல் சேவைகளுக்கு விலையைப் போட்டியிலிருந்தே விலக்கியது: தகுதியால் முதலிடம் பெற்றவரோடுதான் பிறகு விலை பேசுவார்கள். இந்தியாவில் 2021 அக்டோபரில் நிதி அமைச்சு, ஆலோசனை அல்லாத சேவைகளுக்கும் கட்டுமானத்துக்கும் இந்தக் கலப்பு முறையைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்தபோது, விலை அல்லாதவற்றின் நிறை 30 வீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. ஆலோசனைச் சேவைகளில் உலக வங்கித் திட்டங்களில் அடிக்கடி காண்பது தரத்துக்கு 80, விலைக்கு 20. ஒரே சூத்திரம்தான், நிறை மாறும்போது கம்பனி எங்கே உழைக்க வேண்டும் என்பதும் மாறுகிறது.

விலைப்புள்ளியின் சூத்திரமும் கூட்டுப்புள்ளியின் சூத்திரமும் பெரும்பாலான ஆவணங்களில் இப்படித்தான் இருக்கும்:

```
Sf = 100 × Fm / F
S  = St × T + Sf × P
```

F உங்கள் விலை. Fm திறக்கப்பட்ட விலைகளுள் ஆகக் குறைந்தது. St தொழினுட்பப் புள்ளி, Sf விலைப்புள்ளி. T, P இரண்டும் நிறைகள், இங்கே 0.8, 0.2. ஆகக் குறைந்த விலைக்காரருக்கு முழு 100. அவரைப்போல் இரண்டு மடங்கு விலை கேட்டவருக்கும் 50 கிடைக்கும், பூச்சியம் அல்ல. விலைக்கு இருப்பதே மொத்தம் 20 என்பதால், இரட்டிப்பு விலை கேட்டவர் இழப்பது 10 புள்ளி மட்டுமே.

இனி ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். எண்களும் கம்பனிகளும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஓர் அமைச்சு வடக்கு, கிழக்கிலுள்ள பிரதேச செயலகங்களுக்கு வரும் மக்களின் அனுபவத்தைக் கள ஆய்வு செய்யக் கேட்கிறது. நிறை 80க்கு 20. குறைந்தபட்சத் தொழினுட்பப் புள்ளி 70. வெள்ளவத்தைக் கம்பனி தொழினுட்பத்தில் 80 எடுத்து 60 இலட்சம் ரூபா கேட்டிருக்கிறது. கொழும்பின் பெரிய கம்பனி 86 எடுத்து 80 இலட்சம் கேட்டிருக்கிறது. மூன்றாவது கம்பனி 72 எடுத்து 45 இலட்சம் கேட்டிருக்கிறது.

ஆகக் குறைந்த விலை 45 இலட்சம். வெள்ளவத்தைக்குத் தொழினுட்பத்தில் 64, விலையில் 15, மொத்தம் 79. பெரிய கம்பனிக்கு 68.8ம் 11.25ம் சேர்ந்து 80.05. மூன்றாவதற்கு 57.6ம் 20ம் சேர்ந்து 77.6. ஆகக் கூடிய விலை கேட்டவருக்கே வேலை. வெள்ளவத்தை தோற்றது 1.05 புள்ளியால்.

இந்த இடத்தில் முதன்முறைக்காரர்கள் எல்லோரும் சொல்வது, "விலையை இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம்." எவ்வளவு? கணக்குப் பார்த்தால் 60 இலட்சத்தை ஏறக்குறைய 56 இலட்சமாக்கியிருக்க வேண்டும். நான்கு இலட்சம், ஒரு சிறு கம்பனிக்கு அந்த வேலையின் இலாபம் முழுவதுமாகக்கூட இருக்கலாம். அதே 1.05 புள்ளி தொழினுட்பத்தில் வேண்டுமென்றால், 80ஐ 81.5 ஆக்கினால் போதும். ஒன்றரைப் புள்ளி எங்கே கிடக்கிறது என்பதைப் பார்க்க, தொழினுட்ப நூறைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உலக வங்கியின் பழைய ஆலோசகர் வழிகாட்டி தந்த எல்லைகள் இன்றும் பல ஆவணங்களில் நிழலாடுகின்றன: கம்பனியின் குறிப்பான அனுபவத்துக்கு 10 வரை, செயன்முறைக்கும் வேலைத்திட்டத்துக்கும் 20 முதல் 50 வரை, முக்கிய நிபுணர்களுக்கு 30 முதல் 60 வரை, அறிவுப் பரிமாற்றம் போன்றவற்றுக்கு மிகுதி. நம் வேலையில் அனுபவத்துக்கு 10, செயன்முறைக்கு 35, நிபுணர்களுக்கு 50, பயிற்சிக்கு 5 என்று வைத்துக்கொள்வோம்.

சிறு கம்பனிகள் கவனிக்காமல் விடுவது அந்த முதல் எண்ணை. "எங்களுக்குப் பெரிய அனுபவம் இல்லையே" என்ற பயம் முழு முன்மொழிவையும் ஆட்டிப்படைக்கிறது. ஆனால் கம்பனியின் அனுபவத்துக்கு இங்கே நூறில் பத்துத்தான். அதற்குக் காரணம் உண்டு. கோரிக்கை கைக்கு வருவதற்கு முன் விருப்பக் கோரல் கட்டம் ஒன்று நடந்திருக்கும். கம்பனியின் வரலாறு அங்கேதான் எடைபோடப்படுகிறது. குறும்பட்டியலுக்குள் வந்த பிறகு அதையே திரும்பவும் பெரிதாக எண்ணினால் பழைய கம்பனிக்கே எப்போதும் வேலை போகும். பெரிய கம்பனி அனுபவத்தில் 9 எடுத்து நாம் 5 எடுத்தாலும் இறுதிக் கணக்கில் இழப்பு 3.2 புள்ளி. அதைக் குறைக்க இன்னொரு கம்பனியோடு கூட்டுச் சேரலாம். ஆனால் நாலு புள்ளிக்காக வேலையில் பாதியைக் கொடுக்கிறோமா என்பதைக் கூட்டுச் சேருமுன் எழுதிப் பார்க்க வேண்டும்.

மறுபக்கத்தில் நிபுணர்களுக்கு 50. அதில் குழுத் தலைவருக்கு 20 என்போம். இந்த 20ம் மீண்டும் பிரிகிறது: பொதுத் தகைமைக்கு 20 வீதம், இந்த வேலைக்குப் பொருத்தமான அனுபவத்துக்கு 70 வீதம், பிரதேசமும் மொழியும் தெரிந்திருப்பதற்கு 10 வீதம். அதாவது 4, 14, 2. மதிப்பிடுபவர் தன் மனதிற்பட்ட எண்ணை எழுதுவதில்லை. திருப்தி என்றால் 70 வீதம், நன்று என்றால் 90 வீதம் என்பதுபோலப் படிகள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். இடையில் எண் கிடையாது. ஒரு படி ஏறினால் 14இல் 9.8 என்பது 12.6 ஆகும். கூடுவது 2.8 புள்ளி. நமக்குத் தேவைப்பட்டதோ ஒன்றரை.

இந்தப் படியேற்றத்தின் விலையையும் பார்த்துவிடலாம். 2.8 தொழினுட்பப் புள்ளி என்பது கூட்டுப்புள்ளியில் 2.24. அதே 2.24ஐ விலையால் வாங்குவதென்றால் 60 இலட்சத்தை 52 இலட்சத்துக்குச் சற்று மேலே கொண்டுவர வேண்டும். ஏறக்குறைய 7 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. ஒரேயொரு சுயவிவரக் கோவையின் ஒரேயொரு உபபிரிவு அவ்வளவு பெறுமதியானது.

அந்த ஒரு படி ஆளை மாற்றுவதால் மட்டுமல்ல, அதே ஆளைப் பற்றி எழுதும் விதத்தாலும் கிடைக்கும். தலைவரின் சுயவிவரத்தில் பொதுவாக இப்படி இருக்கும்: "2014 முதல் 2019 வரை, அரசசார்பற்ற நிறுவனமொன்றில் திட்ட முகாமையாளர். திட்டங்களைத் திட்டமிடல், அமுலாக்கல், கண்காணித்தல்." மதிப்பிடுபவரின் கையில் வேலை விவரணம் இருக்கிறது, அதில் தலைவர் செய்ய வேண்டியவை எழுதப்பட்டுள்ளன: மாதிரி எடுப்பு, வினாக்கொத்து வடிவமைப்பு, களப்பணியாளர் மேற்பார்வை, அறிக்கை. மேலே உள்ள வரியில் இந்த நான்கில் ஒன்றுமில்லை. அந்த மனிதர் நான்கையும் செய்தவராக இருக்கலாம். ஆனால் எழுதாததற்குப் புள்ளி இட மதிப்பிடுபவருக்கு அதிகாரமில்லை. அதே ஐந்து ஆண்டுகளை, எந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டுக்காரரிடம் எந்த ஆய்வு, அதில் மாதிரியைத் தீர்மானித்தவர் அவரா, களத்தில் எத்தனை பேர் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள் என்று எழுதினால் அது வேறு ஆவணம். வேலை விவரணத்தில் உள்ள ஒவ்வொரு கடமைக்கும் நேரே ஒரு கடந்தகால வேலையைக் காட்டுவதே பொருத்தம் என்ற சொல்லுக்கு இங்குள்ள அர்த்தம். அப்படிக் காட்ட முடியாத கடமை ஒன்று இருந்தால், ஆளை மாற்ற வேண்டிய இடம் அதுதான்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வடக்கு கிழக்கு வேலையென்றால் வெள்ளவத்தைக் கம்பனி தன் தமிழையே பெரிய பலமாக நினைக்கிறது, அது சரியான நினைப்பும்கூட. ஆனால் மொழி என்ற உபபிரிவுக்கு இருப்பது 20இல் 2. ஆங்கிலத்தில் எழுதப்படும் முன்மொழிவில் "எல்லோரும் தமிழ் பேசுவோர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அந்தப் பலம் எண்ணப்படும் என்று காத்திருக்கக்கூடாது. அதை 35 புள்ளி இருக்கும் செயன்முறைக்குள் கொண்டுபோக வேண்டும். வினாக்கொத்தை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்காமல் தமிழிலேயே அமைப்பது, மட்டக்களப்பு வழக்கிலும் யாழ்ப்பாண வழக்கிலும் முன்சோதனை செய்வது, திருகோணமலையிலும் அம்பாறையிலும் சிங்களம் பேசும் பயனாளர்களுக்கு வேறு கேள்வியாளர்களை வைப்பது, இருமொழி விடைகளை ஒன்றாகக் குறியிடுவது: இவையெல்லாம் செயன்முறை. வேலை விவரணத்தையே சொல் மாற்றித் திருப்பி எழுதிய செயன்முறைக்குக் கிடைப்பது திருப்தி என்ற படிதான்.

இனி சூத்திரத்தின் ஒரு குணம். மேலே உள்ள கதையில் மூன்றாவது கம்பனி வெல்லவில்லை, கடைசியாகத்தான் வந்தது. ஆனால் யார் வென்றார் என்பதைத் தீர்மானித்தது அதுதான். குறைந்தபட்சப் புள்ளி 70க்குப் பதில் 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். 72 எடுத்த மூன்றாவது கம்பனி வெளியே; அதன் விலை உறை திறக்கப்படாமலே திரும்பிவிடும். இப்போது ஆகக் குறைந்த விலை வெள்ளவத்தையின் 60 இலட்சம். வெள்ளவத்தைக்கு 64ம் 20ம், மொத்தம் 84. பெரிய கம்பனிக்கு 68.8ம் 15ம், மொத்தம் 83.8. வேலை வெள்ளவத்தைக்கு. இருவரும் முன்மொழிவில் ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை.

காரணம், விலைப்புள்ளி எல்லோருக்கும் Fm என்ற ஒரே எண்ணால் பெருக்கப்படுகிறது. மிகக் குறைந்த விலை ஒன்று உள்ளே வந்தால் மற்ற எல்லோருடைய விலைப்புள்ளியும் சுருங்கும். நடுவில் நிற்பவருக்கும் உச்சத்தில் நிற்பவருக்கும் இடையிலான வித்தியாசமும் சேர்ந்து சுருங்கும். நம் கதையில் 5 புள்ளியாக இருந்த வித்தியாசம் 3.75 ஆனது. ஆகவே குறும்பட்டியலில் அடிமட்ட விலை கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், அவரைத் துரத்தி விலையைக் குறைப்பது நடுவில் நிற்கும் கம்பனிக்கு உதவாது. அந்தச் சூழலில் தரப்புள்ளிக்கே மதிப்புக் கூடுகிறது. குறைந்தபட்சப் புள்ளி உயர்வாக இருந்து அவர் வெளியே போகக்கூடும் என்றால்தான் நம் விலைக்கு வலு வரும். ஒரு போட்டியாளரின் புள்ளி சம்பந்தமில்லாத மூன்றாமவரின் விலையில் தங்கியிருப்பது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் விதி எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. அதைத் தெரிந்துகொண்டு எழுதுவதுதான் நம் கையில் உள்ளது.

80க்கு 20 என்ற நிறையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மதிப்பிடுபவர்கள் துணிந்து புள்ளியைப் பரப்புவது குறைவு. எல்லோருக்கும் 78, 80, 81 என்று கொடுத்துவிட்டால், தரத்தின் 80 வீத நிறையும் சேர்ந்து உண்டாக்கும் வித்தியாசம் இரண்டரைப் புள்ளிகூட இல்லை. விலைகளோ 45க்கும் 80க்கும் இடையில் பரந்து கிடக்கும்; அங்கே வித்தியாசம் ஒன்பது புள்ளிக்கு நெருங்கிவிடும். காகிதத்தில் தரப் போட்டியாக இருப்பது அப்போது உண்மையில் விலைப் போட்டி. இதற்கு முன் அதே திணைக்களம் வழங்கிய ஒப்பந்தங்களில் தொழினுட்பப் புள்ளிகள் எப்படிப் பரவியிருந்தன என்று தேடிப் பார்த்தால், விலையில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது தெரியவரும்.

புள்ளிக்கு முன்னால் சில கதவுகள் இருக்கின்றன. அங்கே புள்ளி இல்லை, உள்ளே அல்லது வெளியே மட்டும்தான். தொழினுட்ப உறைக்குள் விலை சம்பந்தமான ஒரு வரி தவறி விழுந்தாலும் முன்மொழிவு நிராகரிக்கப்படும். வேலைத்திட்ட அட்டவணையை விலைத் தாளிலிருந்து வெட்டி ஒட்டும்போது நாட்கூலி நிரலும் சேர்ந்து வருவது இப்படித்தான் நடக்கிறது. 50 இலட்சத்துக்கு மேற்பட்ட அரச ஒப்பந்தங்களுக்கு 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ் பதிவு கேட்கப்படும். அதற்குரிய படிவத்தைக் கடைசி நாளில் தேடக்கூடாது. கூட்டு உடன்படிக்கை, கையொப்பமிடும் அதிகாரம், நிபுணர்களின் கையொப்பம் எல்லாம் இந்த வகை.

விலை உறைக்குள் இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். பெறுமதி சேர் வரி 2024 முதல் 18 வீதம். வரியை விலைக்குள் கலந்து எழுதினால், மதிப்பீட்டில் வரி கழிக்கப்படும் முறையில் நம் விலை மட்டும் கூடுதலாகத் தோன்றும். தனி வரியில் காட்ட வேண்டும். மற்றது, ஒப்பந்தம் மொத்தத் தொகை வகையா கால அடிப்படை வகையா என்பது. உலக வங்கி முறையில் கால அடிப்படை ஒப்பந்தமென்றால், தொழினுட்பத்தில் 12 ஆள்-மாதம் என்று எழுதிவிட்டு விலையில் 10க்கு மட்டும் கணக்கிட்டிருந்தால், குழு அதை 12க்குத் திருத்தி அந்தக் கூடிய விலையை வைத்தே புள்ளியிடும். மொத்தத் தொகை ஒப்பந்தமென்றால் திருத்தமில்லை. விட்டுப்போன இரண்டு மாதமும் சொன்ன விலைக்குள் அடங்கியதாகவே கொள்ளப்படும். அந்தச் சம்பளத்தை நம் பையிலிருந்து கொடுக்க வேண்டும்.

விலை உறைகள் திறக்கும் நாளில் கட்டாயம் ஒருவரை அனுப்புங்கள். அங்கே ஒவ்வொரு கம்பனியின் தொழினுட்பப் புள்ளியும் விலையும் வாசிக்கப்படும். கையில் ஒரு தாளும் மேலே உள்ள இரண்டு வரிச் சூத்திரமும் இருந்தால் அந்த அறையிலேயே முடிவை ஏறக்குறையக் கணக்கிட்டுவிடலாம். எழுத்துமூல முடிவு வந்த பிறகு உலக வங்கித் திட்டமென்றால் மூன்று வேலை நாட்களுக்குள் விளக்கம் கேட்கலாம். உள்நாட்டு நிதியில் நடப்பதென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; போட்டியாளரின் வணிக இரகசியங்கள் கிடைக்காமல் போகலாம், ஆனால் நம் சொந்தப் புள்ளித் தாளைக் கேட்பதில் தவறேயில்லை. கேட்கும்போது மொத்தப் புள்ளியை மட்டும் கேட்க வேண்டாம். உபபிரிவு வாரியாகக் கேளுங்கள். குழுத் தலைவரின் 14இல் 9.8 என்று அந்தத் தாளில் இருந்தால், அடுத்த கோரிக்கைக்கு முன் திருத்த வேண்டியது அவருடைய சுயவிவரக் கோவை, விலை அல்ல.